4ஆம் வகுப்பு பின்னம்: கட்டமைப்புவாதப்படி பாடம் எழுதினால் எது எந்த இடத்துக்கு நகரும்?

பயிற்சி_நிலவு

வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. 4ஆம் வகுப்புக்குப் பின்னம் அறிமுகம், 40 நிமிடப் பாடக்குறிப்பு எழுத வேண்டும். நான் எழுதிய வரிசை இது: வட்டமான ரொட்டிப் படம் காட்டி ஆர்வமூட்டல், பின்னம் என்றால் என்ன என்ற விளக்கம், தொகுதி – பகுதி பெயர்கள், கரும்பலகையில் நிழலிட்ட படங்கள் நான்கு, பிறகு தாளை நான்காக மடித்து மூன்று பங்குக்கு வண்ணம் தீட்டும் செயல்பாடு, கடைசியில் ஐந்து பயிற்சிக் கணக்குகள்.

விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். "செயல்பாட்டைச் சேர்த்திருக்கிறாய், பாடத்தின் அமைப்பு மாறவில்லை. இது கட்டமைப்புவாதம் இல்லை" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். மடித்து வண்ணம் தீட்டுவது குழந்தை தானே செய்து கற்பதுதானே? எதை மாற்றச் சொல்கிறார் என்று புரியவில்லை.

---

கரும்பலகை

உங்கள் வரிசையில் தாள் மடிப்பு ஐந்தாவதாக வருகிறது. அதற்குள் 3/4 என்றால் என்ன என்று நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள். "நான்காக மடி, மூன்றுக்கு வண்ணம் தீட்டு" என்பதில் குழந்தை முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லை. எத்தனையாக மடிப்பது, எத்தனையை எடுப்பது, அதற்கு என்ன பெயர் என்ற மூன்றையும் நீங்கள் தந்தாயிற்று. கை வேலை செய்கிறது, கணக்கை நீங்கள் செய்கிறீர்கள். விரிவுரையாளர் சுட்டுவது இதைத்தான்.

தலைகீழாக்கிப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு கணக்கு: "3 கடலை மிட்டாயை 4 பேர் சமமாகப் பகிர வேண்டும், எதுவும் மிஞ்சக்கூடாது. ஒருவருக்கு எவ்வளவு?" எப்படி வெட்டுவது என்று சொல்லாதீர்கள். பின்னம் என்ற சொல்லும் அப்போது வேண்டாம். கணக்கு புரிந்ததா என்று மட்டும் 5 நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் ஆளுக்கு ஒன்று கொடுத்து நான்காமவரை விட்டுவிடுவார்கள். "சமமாக", "மிச்சமில்லாமல்" என்ற இரண்டையும் அங்கேயே உறுதி செய்ய வேண்டும்.

பிறகு இருவர் இருவராக 12 நிமிடம் வேலை. மிட்டாய்க்குப் பதிலாகத் தாள் பட்டை, 24 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். ஒரு ஏ4 தாளில் ஐந்து பட்டை கிடைக்கும், எனவே ஒரு ஜோடிக்கு ஒரு தாள் போதும். மூன்றைக் கொடுங்கள், இரண்டை உங்களிடம் வைத்திருங்கள், பின்னால் வேண்டும். 24 எதற்கென்றால் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மிச்சமின்றி வகுபடும், அடுத்த நாள்களுக்கும் அதே அளவு ஓடும். பட்டையில் கோடு எதுவும் போட்டுக் கொடுக்காதீர்கள். வட்டம் வேண்டாம், அரையும் காலும் தாண்டினால் குழந்தையால் வட்டத்தைச் சமமாக வெட்ட முடியாது. அப்புறம் தவறு யோசனையில் வந்ததா, கத்தரிக்கோலில் வந்ததா என்று தெரியாமல் போகும்.

பெரும்பாலும் மூன்று வழிகள் வரும். இரண்டு பட்டையைப் பாதியாக்கி ஆளுக்கு அரை, மூன்றாவதை நான்காக்கி ஆளுக்குக் கால் என்பது முதல் வழி. ஒவ்வொரு பட்டையையும் நான்காக வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு எடுப்பது இரண்டாவது. மூன்றையும் அடுக்கி ஓரத்தில் கால் பங்கை நறுக்கி, மூவருக்கு ஒரு பெரிய துண்டும் நான்காமவருக்கு மூன்று சின்னத் துண்டும் கொடுப்பது மூன்றாவது, இது அரிது. அடுத்த 15 நிமிடம் இந்த மூன்றையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, "மூன்று வழியிலும் ஒருவருக்குக் கிடைப்பது ஒரே அளவா?" என்று கேட்பதுதான் பாடம். அது முடிந்த பிறகு 5 நிமிடத்தில் 3/4 என்ற குறியீடும் பெயரும். கடைசி 3 நிமிடம் ஒரு தாள் துண்டில் ஒரே கேள்வி, "5 மிட்டாய், 4 பேர்".

---

தென்றல்_கணக்கு

கரும்பலகை சார் சொன்னது சரி. ஒரு திருத்தம். கட்டமைப்புவாதத்தில் ஆசிரியர் எதையும் சொல்லக் கூடாது, அறிவை மாணவரே உருவாக்க வேண்டும். கடைசி 5 நிமிடத்தில் நீங்களே குறியீட்டைச் சொல்லிவிட்டால் பழைய முறைக்குத்தானே திரும்புகிறோம்? குழந்தைகளே ஒரு குறியீட்டைக் கண்டுபிடிக்கட்டும். பியாஜே சொன்னதும் அதுதானே.

---

கரும்பலகை

பாதி ஒப்புக்கொள்கிறேன், மீதியில் மாறுபடுகிறேன். பியாஜே எல்லா அறிவையும் ஒரே வகையாகப் பார்க்கவில்லை. நான்கு துண்டும் சமமாக இருந்தால்தான் பங்கு நியாயம், மூன்று கால் சேர்ந்தால் அரையும் காலும் சேர்ந்த அளவுதான் என்பவை குழந்தை தன் தலைக்குள் உறவுகளை வைத்துப் பின்னிக்கொள்ள வேண்டியவை. சொல்லிக் கொடுத்தால் மனப்பாடமாக நிற்கும். ஆனால் கோட்டுக்கு மேலே 3, கீழே 4 என்று எழுதுவது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. எவ்வளவு நேரம் யோசித்தாலும் ஒரு குழந்தை அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, தமிழை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாததுபோல. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எப்போது சொல்வது என்பதுதான் மாறுகிறது. அர்த்தம் குழந்தையிடம் இருக்கும்போது பெயர் போய் ஒட்டும். அர்த்தம் இல்லாதபோது பெயர் சொன்னால், 3/4 என்பது இரண்டு தனித்தனி எண்களாகவே மனதில் கிடக்கும்.

குழந்தைகள் தாமாக எழுதுவதை ("அரை + கொஞ்சம்", படம், "கா கா கா") முதலில் பலகையில் ஏற்றுக்கொள்வதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்குப் பக்கத்திலேயே 3/4 எழுதுங்கள். முன்னதை அழித்துவிட்டு எழுதாதீர்கள்.

---

மதுரை_அம்மா

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் மகள் 4ஆம் வகுப்பு. 1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்றால் 1/8 என்கிறாள், 8 பெரிய எண் என்பதால். டியூஷனில் குறுக்கே பெருக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அப்படிச் செய்தால் சரியாக வருகிறது. மீ.சி.ம. எடுத்துக் கூட்டுவதையும் இப்போதே பழக்கிவிடலாமா? எந்த முறை வேகமானது?

---

யாழ்_கணிதம்

அம்மா, இந்த இழை வகுப்பில் பாடத்தை எப்படி அமைப்பது என்பது பற்றியது. என்றாலும் உங்கள் கேள்வி இதோடு ஒட்டியதுதான்.

மீ.சி.ம. இப்போது வேண்டாம். குறுக்குப் பெருக்கலைத் தடுக்கவும் வேண்டாம், சற்றே ஒதுக்கி வையுங்கள். அது சரியான விடையைத் தந்துவிடுவதால், 1/8 பெரியது என்ற எண்ணம் உள்ளே அப்படியே இருப்பது வெளியே தெரியாமல் போகிறது. இரண்டு ஒரே அளவுத் தாள் பட்டையை எடுங்கள். "ஒன்றை 4 பேருக்குப் பங்கு போடு, மற்றதை 8 பேருக்குப் போடு. நீ எந்தக் கூட்டத்தில் இருக்க விரும்புவாய்?" என்று கேளுங்கள். வெட்டும் முன்னரே சொல்லச் சொல்லுங்கள், பிறகு வெட்டிப் பார்க்கட்டும். ஆட்கள் கூடினால் பங்கு குறையும் என்பது அவவுக்கு ஏற்கெனவே தெரியும். கீழே இருக்கும் எண் அந்த ஆட்களின் எண்ணிக்கைதான் என்ற இணைப்பு மட்டுமே இல்லை. 1/3, 1/5, 1/6 என்று மாற்றி மாற்றிக் கேட்டு, பெருக்காமலே சொல்லத் தொடங்கினா என்றால் இணைப்பு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு மொழிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். நாங்கள் 3/4 ஐ "நான்கில் மூன்று" என்று வாசிக்கிறோம். முழுவதை முதலில் சொல்லி அதிலிருந்து எடுப்பதைப் பின்னால் சொல்வது தொடக்கத்தில் நல்ல உதவி. ஆனால் 5/4 வந்ததும் "நான்கில் ஐந்து" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. நாலு துண்டிலிருந்து அஞ்சு துண்டை எப்படி எடுப்பது? குழந்தை குழம்புவதில் பிழையே இல்லை, அந்தச் சொற்றொடருக்கு அப்படித்தான் பொருள் வரும். "கால் துண்டு மூன்று", "கால் துண்டு ஐந்து" என்று துண்டைப் பெயர் சொல்லி எண்ண வைத்தால் இந்த முட்டு வராது. கடைப் பேச்சில் ஒன்றேகால் என்ற சொல் தயாராகவே இருக்கிறது, கால் துண்டு ஐந்தும் ஒன்றேகாலும் ஒன்றுதான் என்று பிள்ளையே சொல்லும். "துண்டு" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். "இரண்டு கால்" என்றால் 2/4, "இரண்டேகால்" என்றால் இரண்டும் காலும். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"பகுதி" என்ற சொல்லும் இப்படித்தான். கீழே உள்ள எண்ணுக்கும் அந்தப் பெயர், வெட்டிய துண்டுக்கும் அந்தப் பெயர். முதல் வாரம் துண்டு, பங்கு என்றே பேசிவிட்டு, தொகுதி, பகுதி என்ற பெயர்களைப் பிறகு கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

---

நெல்லை_வகுப்பறை

செயல்வழிக் கற்றல் அட்டைகள் 2007 முதல் மாநிலம் முழுக்க வந்தபோதே இதுபோன்ற பொருள் வைத்துச் செய்யும் வேலைகள் பள்ளிக்குள் வந்துவிட்டன. அட்டை முறையில் குழந்தை தன் வேகத்தில் படி ஏறும். இங்கே சொல்லும் பகிர்வுக் கணக்குக்கோ எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கில் இருந்தால்தான் அந்த 15 நிமிடப் பேச்சு நடக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

என் கேள்வி வேறு. 3 மிட்டாய் 4 பேர் கணக்கை எந்த வகுப்பில் கொடுத்தாலும் 3/12 என்ற விடை வந்துவிடும். மூன்றையும் நான்கு நான்காக வெட்டினால் 12 துண்டு, ஒருவருக்கு 3. புத்தகம் சொன்னபடி "மொத்தத் துண்டில் எடுத்த துண்டு" என்று பார்த்தால் 3/12 சரிதானே? தவறு என்று சொல்லவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. என்ன செய்வது?

---

கரும்பலகை

இந்த ஒரு விடைக்காகவே இந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். நிழலிட்ட படம் வைத்துச் சொல்லிக் கொடுக்கும்போது முழுமை எது என்ற கேள்வியே எழாது, படத்தில் இருப்பதே ஒரு வட்டம்தான். மூன்று மிட்டாய் மேசையில் இருக்கும்போதுதான் "எதில் 3/12?" என்ற கேள்வி உயிர் பெறுகிறது.

அந்தக் குழந்தை தவறாக எண்ணவில்லை. 3 மிட்டாயையும் சேர்த்து ஒரே முழுமையாகக் கொண்டால் அவள் பங்கு 3/12தான். அதாவது கால் பங்கு, நால்வரில் ஒருத்திக்கு அதுதானே வர வேண்டும். ஒரு மிட்டாயை முழுமையாகக் கொண்டால் 3/4. அளவு ஒன்றுதான், அளக்கும் கோல் இரண்டு. அதைத் தவறு என்று அடித்தால் சரியாக எண்ணியதற்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும். "ஒரு மிட்டாயை மட்டும் பார்" என்று காரணம் சொல்லாமல் திருத்தினாலோ அடுத்த கணக்கில் அதே விடை மறுபடி வரும்.

நான் முதலில் ஒதுக்கி வைக்கச் சொன்ன இரண்டு பட்டைகள் இப்போது வெளியே வரட்டும். வெட்டாத ஒரு பட்டையை மேசையில் வையுங்கள். "உன் பங்குத் துண்டு மூன்றையும் இதன் மேல் ஓரமாக அடுக்கு" என்று சொல்லுங்கள். மூன்று துண்டு கிடக்கும், ஒரு துண்டு அளவுக்கு வெறும் இடம் தெரியும். "உனக்கு ஒரு முழு மிட்டாய் கிடைத்ததா? அதில் எவ்வளவு கிடைத்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் குழந்தையே "ஒண்ணுக்குக் கால் குறைச்சல்" என்று சொல்லும். பிறகு பலகையில் இரண்டையும் முழு வாக்கியமாக எழுதுங்கள்: "எல்லா மிட்டாயிலும் சேர்த்து 3/12", "ஒரு மிட்டாயில் 3/4". முதல் வாரம் முழுவதும் எந்தப் பின்னத்தையும் "எதில்" என்று சொல்லாமல் விடாதீர்கள். எழுதும்போதும்தான்.

இதைச் சரிசெய்யாமல் விட்டால் பின்னால் எங்கே வந்து நிற்கும் என்றும் பாருங்கள். 1/4 + 1/4 + 1/4 = 3/12 என்று எழுதும் குழந்தை, மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் மூன்று மிட்டாயின் துண்டுகளையும் ஒரே குவியலாக எண்ணியிருக்கலாம். மதுரை அம்மா கேட்ட மீ.சி.ம.வை எவ்வளவு பழக்கினாலும் அடியில் இருக்கும் இந்தக் குழப்பம் தீராது.

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் பகிர்வு, அளத்தல் என்ற இரண்டு அர்த்தங்களையும் சேர்த்துப் பின்னம் கற்பிப்பதை ஆய்ந்திருக்கிறார்கள். இரண்டும் ஏன் சேர்ந்து வேண்டும் என்பது இங்கே தெரிகிறது. பகிர்வு கணக்கைத் தருகிறது, வெட்டாத பட்டை அளவுகோலைத் தருகிறது.

---

கோவை_பழையமுறை

மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரையின் வாதம் இன்னும் வலுவாக நிற்கிறது. புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் தாங்கும். வெட்டுவது, சமமாக்குவது, எண்ணுவது, பெயரிடுவது எல்லாவற்றையும் வழிகாட்டாமல் ஒன்றாகச் சுமத்தினால் கற்பதற்கு இடம் இருக்காது. முதலில் செய்து காட்டிய கணக்கு, பிறகு பயிற்சி என்பது மெதுவாகக் கற்கும் குழந்தைக்குப் பாதுகாப்பு.

முதலில் கணக்கு, பிறகு விளக்கம் என்ற வரிசைக்கு ஆதரவாகப் பேசுபவர் மனு கபூர். அவரும் தன்மய் சின்ஹாவும் 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2 முதல் 5 வரையான வகுப்புகளில் அந்த நன்மை தெரியவில்லை. நாம் பேசுவது 4ஆம் வகுப்பு. இதற்கு என்ன பதில்?

---

கரும்பலகை

நேர்மையான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. அந்தத் தொகுப்பின் முடிவை மறுக்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்வேன், இந்தப் பாடம் வழிகாட்டுதல் இல்லாத பாடம் அல்ல. 3ஐயும் 4ஐயும் வேண்டுமென்றே எடுத்தோம். பாதியாக்கத் தெரிந்தால் போதும், பாதியின் பாதி கால். அந்த வயதுக் குழந்தைக்கு ஏற்கெனவே கைவந்தது அது. 3 மிட்டாய் 5 பேர் என்று முதல் நாளே கொடுத்தால் நீங்கள் சொல்லும் சுமை அப்படியே விழும். வேலை நேரத்தில் ஆசிரியர் சும்மா நிற்பதில்லை, எந்த ஜோடி எந்த வழியில் போகிறது என்று குறித்துக்கொண்டே நடக்கிறார். 5 நிமிடமாகியும் வெட்டத் தொடங்காத ஜோடிக்கு "2 மிட்டாய் 4 பேர் என்றால்?" என்ற சிறு கணக்கைக் கொடுக்கிறார். யார் முதலில் பேசுவது என்பதும் அப்போதே முடிவாகிறது. அரையும் காலும் செய்தவர் முதலில், எல்லாவற்றையும் நான்காக்கியவர் அடுத்து. முன்னது எல்லோருக்கும் பிடிபடும், பின்னதிலிருந்து 3/4 என்ற குறியீட்டுக்கு நேராகப் போகலாம்.

---

கோவை_பழையமுறை

அப்படிப் பார்த்தால் கணக்கின் எண்ணைத் தேர்வதிலேயே பாதிப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதை நான் ஏற்கிறேன். இரண்டாம் நாள் செய்து காட்டிய கணக்குகளும் நிறையப் பயிற்சியும் வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். ஒரு கணக்கை 40 நிமிடம் பேசிவிட்டு, பயிற்சி இல்லாமல் அடுத்த தலைப்புக்குப் போவதுதான் இந்த முறையில் வழக்கமாக நடக்கும் விபத்து.

---

பயிற்சி_நிலவு

எல்லோருக்கும் நன்றி. மாற்றி எழுதுகிறேன். முதல் நாள் 3 மிட்டாய் 4 பேர், முடிவில் 5 மிட்டாய் 4 பேர். இரண்டாம் நாள் பயிற்சி. மூன்றாம் நாளுக்கு 4 மிட்டாய் 3 பேர் என்று வைத்தால் சரியா? பார்த்தால் சிறிய எண்தான்.

---

யாழ்_கணிதம்

எண் சிறியது, கணக்கு கடினம், தங்கச்சி. மூன்றாக வெட்டுவதற்குப் பாதியாக்கும் பழக்கம் உதவாது, தடுக்கும். ஆளுக்கு ஒன்று கொடுத்தபின் மிஞ்சிய ஒன்றை நான்காக வெட்டி ஆளுக்குக் கால் கொடுப்பார்கள், ஒரு கால் மிஞ்சும். அதையும் நான்காக்குவார்கள், மறுபடி மிஞ்சும். துண்டு நகம் அளவுக்கு வந்ததும் "இது வேண்டாம்" என்று தூக்கி வைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் "மூன்றாக வெட்டு" என்று சொல்லிவிடாதீர்கள். "எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எத்தனையாக வெட்டினால் முதல் தடவையே மிஞ்சாது?" என்று கேளுங்கள். வெட்ட வேண்டிய எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கை தீர்மானிக்கும் என்பது அங்கேதான் பிடிபடும். 4 பேர் கணக்கில் பாதி பாதியாகப் போயே விடை வந்துவிடுவதால் அது தெரிந்திருக்காது. 24 செ.மீ. பட்டை என்பதால் 8 செ.மீ.யில் அளந்து சரிபார்க்கலாம்.

அதற்கு முன், இரண்டாம் நாளிலேயே 6 மிட்டாய் 8 பேர் கணக்கைச் செய்யுங்கள். நெதர்லாந்தில் ஸ்ட்ரீஃப்லாந்து என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் பீட்சாக் கடை மேசைகளை வைத்துச் செய்ததும் இதே எண்ணம்தான். எட்டுப் பேரையும் இரண்டு மேசையாகப் பிரித்து உட்கார வைத்தால் மேசைக்கு 4 பேர், 3 மிட்டாய், நேற்றுச் செய்த கணக்கு. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கு என்ற விதி இல்லாமலே 6/8உம் 3/4உம் ஒன்றாகிவிடும்.

---

நெல்லை_வகுப்பறை

3/12க்குத் திரும்புகிறேன். அதைப் பலகையில் எழுதி நாள் முழுக்க விட்டுவைப்பது பெரிய வகுப்பில் ஆபத்து என்றுதான் இன்னும் நினைக்கிறேன். 40 பேரில் கடைசி வரிசை பேச்சைக் கேட்காமல் பலகையை மட்டும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளும். "எல்லா மிட்டாயிலும் சேர்த்து" என்ற சொற்களை விட்டுவிட்டு 3/12 மட்டும் எழுதும். வாயால் பேசிவிட்டு 3/4ஐ மட்டும் எழுதினால் என்ன?

---

கரும்பலகை

அந்த ஆபத்து உண்மைதான் சார். எழுதாமல் விட்டால், 3/12 சொன்ன குழந்தை தன் விடை ஏற்கப்படவில்லை என்று அமைதியாகிவிடுகிறதே, அதுவும் இருக்கிறது. எண்ணுக்குப் பதிலாகப் படமாக வரைந்து பாருங்கள். மூன்று பட்டையையும் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு பட்டையை மட்டும் சுற்றி இன்னொரு வட்டம், இரண்டுக்கும் கீழே அந்தந்தப் பின்னம். வட்டத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதும் நோட்டுகள் எத்தனை என்று அன்று மாலை எண்ணிப் பார்த்தால், உங்கள் வகுப்புக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிடும்.